நல்ல நினைவோடு எழுதியது: முதுமையில் எழுதப்படும் உயிலும் சட்டமும்



தமிழில் எழுதப்பட்ட பழைய உயில்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவை பெரும்பாலும் ஒரே பாணியில் தொடங்கும். எழுதுகின்றவர் தமக்குப் புத்தி சுவாதீனம் உண்டு, பூரண நினைவு உண்டு, எவருடைய தூண்டுதலும் இல்லை என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுவார். பிறகுதான் வீடும் நகையும் வரும். ‘உயில்’ என்ற சொல்லே ஆங்கிலச் சொல்லொன்று தமிழ் நாவில் உருண்டு வந்ததுதான். அதன் தொடக்க வாசகமும் அப்படியே ஒரு சடங்காக வந்து நிலைத்துவிட்டது. நினைவு தடுமாறிய முதியவரின் உயிலிலும் அந்த வாசகம் இருக்கும். ஆகவே அவ்வாசகத்தால் எதுவும் மெய்ப்பிக்கப்படுவதில்லை. மெய்ப்பிக்க வேண்டியது எது, அதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இதைப் பேச நாங்கள் சட்ட அறிஞர்கள் அல்லர். வழக்குரைஞர்களுக்கும் தமிழ் முதியவர்களுக்கும் இடையே அமர்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மொழியில் சொல்லும் பணியைச் செய்தவர்கள். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவற்றைத்தான் சட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறோம். இந்த வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுப் பொருளன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்களிடம் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் குறைந்த விலை வீடொன்று, கொஞ்சம் நகை, வங்கியில் சிறு தொகை. அந்த ஒரே வீடு யாருக்கு என்பதில்தான் உடன்பிறந்தவர்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். முஸ்லிம் அல்லாதார்க்கு 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் பொருந்தும். நல்ல மனநிலையில் உள்ள எவரும் தம் உடைமையை உயிலால் வழங்கலாம் என்று அது கூறுகிறது. ஆனால் நல்ல மனநிலை என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. விளக்கத்தை நீதிமன்றங்கள் 1870ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் 2004ஆம் ஆண்டில், கான் யோக் சின் வழக்கில், அதே அளவுகோலைத்தான் ஏற்றது. எனவே அந்தப் பழைய வழக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் வடபகுதியில் கெசிக் என்ற ஊரில் ஜான் பேங்க்ஸ் என்றொருவர் வாழ்ந்தார். திருமணம் ஆகாதவர். ஒரு காலத்தில் சில மாதங்கள் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர். பேய்கள் தம்மைத் துரத்துவதாகவும், முன்பே இறந்துபோன ஃபெதர்ஸ்டோன் அலெக்சாண்டர் என்பவர் தம்மைத் தொடர்ந்து வந்து துன்புறுத்துவதாகவும் உறுதியாக நம்பியவர். வலிப்பும் உண்டு. அப்படிப்பட்டவர் 1863ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உயில் எழுதி, தம்முடன் வாழ்ந்த உடன்பிறந்தார் மகள் மார்கரெட் குட்ஃபெல்லோவுக்குப் பதினைந்து வீடுகளை விட்டார். 1865இல் அவர் இறந்தார். சில காலத்திற்குப் பின் மார்கரெட்டும் இறக்க, சொத்து பேங்க்ஸுக்கு இரத்த உறவே இல்லாத, மார்கரெட்டின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரிடம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் பேங்க்ஸின் மற்றோர் உறவினர் வழக்குத் தொடுத்தார். பைத்தியக்காரர் எழுதிய உயில் எப்படிச் செல்லும் என்பது அவர் வாதம்.

உயில் செல்லும் என்று முடிந்தது. தலைமை நீதிபதி காக்பர்ன் தந்த காரணம்தான் இன்று வரை அளவுகோல். நோய் இருந்ததா என்பது கேள்வியன்று. அந்நோய் உயிலைத் தொட்டதா என்பதே கேள்வி. உயில் எழுதுகின்றவருக்கு நான்கு தெளிவுகள் வேண்டும் என்றார் அவர். தாம் செய்வது இறப்புக்குப் பின் உடைமையைப் பிறருக்கு விடுவது என்று தெரிய வேண்டும். தம் உடைமை ஏறத்தாழ என்னென்ன என்று தெரிய வேண்டும். தம்மிடம் உரிமை பாராட்டத்தக்கவர்கள் யார் யார் என்பது மனத்தில் வந்து நிற்க வேண்டும். நான்காவது, நோயால் விளைந்த பொய்யெண்ணம் எதுவும் பாசத்தை நஞ்சாக்கி, இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்வித்திருக்கக் கூடாது. பேங்க்ஸைத் துரத்திய பேய்களுக்கும் அவருடன் வாழ்ந்த பெண்ணுக்கு வீடு தந்ததற்கும் தொடர்பில்லை. ஆகவே பேய்கள் இருந்தபடியே இருக்க, உயிலும் நிலைத்தது.

மறதி எங்கே பொருந்துகிறது என்று நீங்கள் கேட்கலாம். நேற்று என்ன சாப்பிட்டேன் என்பதை மறந்தவர், இன்று என்ன கிழமை என்று தெரியாதவர், பேரன் பெயரில் குழம்புகின்றவர் எவரும் அதனாலேயே உயில் எழுதும் திறனை இழப்பதில்லை. ஆனால் மூன்றாவது தெளிவில், அதாவது உரியவர்களை நினைவில் நிறுத்துவதில், மறதி புகுந்துவிட்டால் கதை மாறும். இதற்கு நம் மக்களின் வரலாற்றோடு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. ஃபீஜித் தீவில் இருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற பட்டன் சிங் வழக்கு அது. 1948ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது.

இந்தியாவில் இருந்து கடல் கடந்து போன ஒருவர் எலும்புருக்கி நோயின் இறுதி நிலையில் கிடந்தார். தமக்கு உறவினர் எவருமே இல்லை என்று சொல்லி, உறவல்லாதாருக்குச் சொத்தை விட்டு ஓர் உயில் எழுதப்பட்டது. உண்மையில் அவருக்கு உடன்பிறந்தார் பிள்ளைகள் இருந்தனர். முந்தைய உயிலில் அவர்களுக்கே விட்டிருந்தார். பிரிவி கவுன்சில் அந்தப் பின் உயிலை ஏற்கவில்லை. வரைவின் பொருள் அவருக்குப் புரிந்திருக்கலாம், தலையசைத்தும் இருக்கலாம். ஆயினும் நோயின் சோர்வால் உறவினரின் உரிமை அவர் மனத்திலேயே வராமல் போய், அந்த மறதிதான் பிறரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று என்றால், உயில் செல்லாது என்றார்கள். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்று தோன்றும். தமிழ்நாட்டில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்த பழைய தலைமுறையில், “எனக்கு யாரும் இல்லை” என்று சலிப்பில் சொல்வதும், உண்மையாகவே மறந்து சொல்வதும் ஒரே சொற்களில்தான் வரும். அவற்றைப் பிரித்தறிய, அடுத்த கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும்.

இனி ஒரு நிகழ்வைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு அடி அடியாகப் பார்ப்போம். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். ரந்தாவ் பக்கம் தாமான் வீடொன்று அவர் பெயரில் இருக்கிறது. கணவரும் பெற்றோரும் இல்லை. இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். இரண்டு ஆண்டுகளாக மறதி. மூத்த மருமகள் தம் சங்கிலியைத் திருடிவிட்டாள் என்று அடிக்கடி சொல்கிறார். சங்கிலி அரிசி டின்னுக்குள் இருந்து எடுத்துக் காட்டப்பட்டது. அப்போதும் திருடிவிட்டாள் என்றே சொல்கிறார். இந்நிலையில் வீட்டை முழுவதும் மகளுக்கு விட விரும்புகிறார்.

உயில் இல்லாமலோ, உயில் செல்லாமலோ போனால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகள் வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் அண்ணன்மாரின் இரு பங்கையும் பணம் கொடுத்து வாங்க வேண்டும்; முடியாவிட்டால் வீடு விற்கப்படும். பணயம் இதுதான்.

திருட்டுக் குற்றச்சாட்டு மறதி நோயில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்று. பொருளை வைத்த இடம் மறந்துபோகிறது. இல்லாத பொருளுக்கு மனம் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. சான்று காட்டியும் அசையாத நம்பிக்கை என்பதால் இது பொய்யெண்ணமே. அப்படியானால் உயில் வீழ்ந்ததா? பேங்க்ஸ் வழக்கு நம்மைக் கேட்கச் சொல்வது வேறு: இந்தப் பொய்யெண்ணம் இல்லாவிட்டாலும் வீடு மகளுக்குத்தான் போயிருக்குமா? பாட்டியிடமே கேட்டால்தான் தெரியும். அதுவும் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

“வீடு மகளுக்குத்தானே பாட்டி?” என்றால் “ஆமா” என்பார். “மகனுக்குத்தானே?” என்று கேட்டிருந்தாலும் அதே “ஆமா” வந்திருக்கக்கூடும். பக்கவாதத்தால் பேச்சு குழறியவரிடமும் காது மந்தமானவரிடமும் இந்த அபாயம் இன்னும் மிகுதி. மாறாக, “பாட்டி, உங்களுக்குப் பிள்ளைங்க யாரு யாரு? இந்த வீட்டை யாருக்கு விடப் போறீங்க? மத்தவங்களுக்கு ஏன் இல்லை?” என்று திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். அதற்கு அவர், “பெரியவன் கிள்ளான்ல வீடு வாங்கிட்டான். சின்னவனுக்கு அவன் கல்யாணத்தப்ப என் சேமநிதிப் பணத்த எடுத்துக் கொடுத்தேன். இவ புருஷனும் இல்லாம என்கூடவே கெடக்குறா” என்று சொன்னால், அந்த மூன்று வரிகளில் பிள்ளைகளும் உரிமையும் காரணமும் வந்துவிட்டன. சங்கிலி அதில் இல்லை. மறுபுறம், “அந்தத் திருடி இருக்கிற வீட்டுக்கு ஒரு கல்லு கூடக் கொடுக்க மாட்டேன்” என்பதே திரும்பத் திரும்ப வரும் ஒரே காரணமாக இருந்தால், நான்காவது தெளிவு உடைந்துவிட்டதென அஞ்ச வேண்டும். அந்நிலையில் வழக்குரைஞர் மருத்துவ மதிப்பீடு இல்லாமல் மேலே போகக் கூடாது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் நாற்காலியின் கவலை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டியின் மூன்று வரிகள் தாளில் ஆங்கிலத்தில் ‘மகளுக்குக் கொடுக்க விரும்புகிறார்’ என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுவதை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம். நாங்களே சுருக்கியதும் உண்டு. ஒரு முறை முதியவர் ஒருவர் “அவளுக்கே இருக்கட்டும்” என்றார். அறையில் இருந்த மகளைத்தான் சொல்கிறார் என்று எண்ணி அப்படியே பெயர்த்தோம். பின்னர் வேறொரு பேச்சில்தான், இறந்துபோன மனைவியை அவர் நினைத்திருந்தார் என்பது வெளிப்பட்டது. அன்றைக்குக் கையொப்பம் ஆகாமல் இருந்ததால் தப்பித்தோம். அது முதல், முதியவர் சொன்ன சொற்களைத் தமிழிலேயே எழுதி, கேள்வியையும் அருகில் எழுதி, நாளும் நேரமும் இட்டுக் கோப்பில் வைக்குமாறு வழக்குரைஞர்களைக் கேட்டுக்கொண்டோம். சிலர் சிரித்தார்கள், சிலர் வைத்தார்கள்.

மருத்துவரிடம் போகும்போதும் மொழி குறுக்கே வருகிறது. முப்பது மதிப்பெண்ணுக்கு நடத்தப்படும் நினைவுத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேதி, இடம், கூட்டல் கழித்தல், சொற்களை நினைவில் வைத்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் என்று வரும். பள்ளிக்கூடமே காணாத தோட்டப் பாட்டியிடம் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடத்தினால், வரும் மதிப்பெண் நோயை மட்டும் காட்டாது. கல்வியின்மையையும் மொழித் தடையையும் சேர்த்தே காட்டும். தேர்வு தமிழில் நடந்ததா என்று கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை. மதிப்பெண் குறைவு என்பதும் முடிவன்று. உயில் எழுதத் திறன் உண்டா என்பதற்கு, மேலே சொன்ன நான்கையும் நேரடியாகக் கேட்டு, விடையை எழுதிய மருத்துவக் குறிப்பே பயன்படும். ‘உடல்நலம் சீராக உள்ளது’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் குறுக்கு விசாரணையில் நிற்பது கடினம்.

நேரமும் முக்கியம். நாட்பட்ட மறதி நோய் மெல்ல இறங்கும் படிக்கட்டு போன்றது. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்ற வேறுபாடு உண்டு என்றாலும் ஆள் பெரிதாக மாறிவிடுவதில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, உப்புச் சத்துக் குறைவு, வலுவான வலி மருந்து ஆகியவற்றால் வரும் திடீர்க் குழப்பம் வேறு. நேற்று வரை சரியாக இருந்தவர் இன்று ஆளை அடையாளம் காண மாட்டார். மருந்து கொடுத்துச் சில நாட்களில் தெளிந்தும் விடுவார். மருத்துவமனைக் கட்டிலில் இந்தக் குழப்பத்தின் நடுவே கையொப்பம் வாங்கும் அவசரம்தான் பல உயில்களைக் கெடுக்கிறது. காத்திருந்தால், தெளிந்த பின் அதே மனிதர் அதே உயிலை முறையாக எழுதியிருப்பார்.

காத்திருக்க நேரமில்லாதபோது சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. தெளிவாக இருந்தபோது வழக்குரைஞரிடம் நேரில் சொல்லி, அவர் சொன்னபடியே எழுதிவந்து, கையொப்பமிடும் நாளில் நினைவு மங்கியிருந்தால்? முன்பு நான் சொன்னதுதான் இது, அதை ஏற்கிறேன் என்ற அளவுக்கேனும் அவரால் எண்ண முடிந்தால் போதும் என்று, இலங்கையில் இருந்து சென்ற பெரேரா வழக்கில் பிரிவி கவுன்சில் 1901இல் ஏற்றது. ஆனால் பட்டன் சிங் வழக்கில் அதே மன்றம் எச்சரித்தது: முதியவர் சொன்னதாக இடையில் ஒருவர் வழக்குரைஞரிடம் கொண்டுவந்து சொல்லியிருந்தால் இந்தச் சலுகையை மிகுந்த கவனத்தோடுதான் தர வேண்டும். நம் குடும்பங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மகனோ மருமகனோ வழக்குரைஞரிடம் போய்ச் சொல்வார். தயாரான தாள் பெரியவரிடம் வரும். அந்த மகனே பயனடைபவராகவும் இருந்துவிட்டால் ஐயம் இரட்டிப்பாகும்.

நீதிமன்றத்தில் யார் எதை மெய்ப்பிக்க வேண்டும்? கூட்டரசு நீதிமன்றம் 1997இல் டாக்டர் சண்முகநாதன் எதிர் பெரியசாமி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதியவருக்கு மனத்திறன் இருந்தது, முறைப்படி கையொப்பமானது என்பதை உயிலை முன்வைப்பவரே மெய்ப்பிக்க வேண்டும்; ஐயத்திற்குரிய சூழ்நிலை இருந்தால் அதைக் களைவதும் அவர் கடமை. மோசடி, கள்ளக் கையொப்பம், தகாத வற்புறுத்தல் என்று குற்றம் சாட்டுபவர் அவற்றைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். எனவே, “அம்மாவுக்கு நினைவு இல்லை” என்று எதிர்க்கும் அண்ணனை விட, “இருந்தது” என்று சொல்லும் தங்கைக்கே தாளும் சாட்சியும் தேவை. அதை அவள் தாய் இறந்த பின் உண்டாக்க முடியாது.

முறைப்படி என்பதில் நம்மவர் வழக்கமாக இடறும் இடம் ஒன்றே. எழுதியவர் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். அவர்கள் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். சாட்சியாக ஒப்பமிட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் விடப்பட்டது எதுவும் செல்லாது. உயில் நிற்கும், அவர் பங்கு மட்டும் போகும். நம் கற்பனைப் பாட்டியின் மகளே சாட்சிக் கையொப்பம் இட்டிருந்தால், இத்தனை கவனமும் வீண். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் உயில் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்பதை உயிலின் இறுதியிலேயே எழுதிவிட வேண்டும்; பதிவாளர் அதைத் தேடுவார். ஊழியர் சேமநிதிப் பணம் மட்டும் இதில் சேராது. முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் அந்தப் பணம் அவர் நியமித்த பெயருக்கே போகும். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் மாறாது.

இறுதியாக, எழுதுவதற்கு மட்டுமன்றி அழிப்பதற்கும் இதே தெளிவு வேண்டும். தெளிவாக இருந்தபோது உயில் எழுதிய ஒருவர், பிறகு மறதி முற்றிய நிலையில் அதைக் கிழித்துப்போட்டால், அது நீக்கப்பட்டதாகிவிடாது. அழிக்கும் எண்ணம் அங்கே இல்லை. கிழிந்த துண்டுகளையும், வழக்குரைஞர் அலுவலகத்துப் படியையும் கொண்டு அதை நிலைநாட்ட வழியுண்டு. ஆகவே அரிசி டின்னுக்குள்ளோ சாமிப் படத்திற்குப் பின்னாலோ கிழிந்த தாள்கள் கிடந்தால், குப்பையில் போடுவதற்கு முன் ஓர் உறையில் இட்டு, கண்டெடுத்த நாளை உறையின் மேல் எழுதி வைத்துவிட்டு வழக்குரைஞரை அணுகுங்கள்.

உங்கள் வினாக்களுக்கு இப்போது இடம் தருகிறோம்.